இரண்டு ரேக் படங்களை ஒப்பிடுவது எப்படி: அடுக்கு, கண்மட்டம், தேடும் நேரம்

கடையில் ஒரு ரேக்கை மாற்றி அடுக்கியாகிவிட்டது. மாற்றுவதற்கு முன் ஒரு படம், மாற்றிய பின் ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவதுதான் பலரும் செய்வது. ஆனால் அப்படிக் கண்ணில் படும் வித்தியாசங்களில் பாதி ரேக்கில் நடந்த மாற்றமே அல்ல. கேமரா வைத்த உயரமும், நின்ற தூரமும், படம் எடுத்த நேரமும் மாறியதால் வந்தவை. அவற்றைக் கழித்துவிட்டு, ரேக்கில் உண்மையில் என்ன மாறியது என்று பார்க்கும் முறை கீழே இருக்கிறது. ஒரே ரேக்கின் முன், பின் படங்களை வைத்தே சொல்லியிருக்கிறது.

## 1. கேள்விகளை முதலில் பிரித்து எழுதுங்கள்

ரேக் படத்திடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். சரக்கு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா? எந்தப் பொருள் எந்த உயரத்தில் இருக்கிறது? தேடி வருபவர் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்? மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்தால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். நிறைந்து தளும்பும் ரேக் அழகாகத் தெரியும். அதில் ஒரு பொருளைத் தேடச் சொன்னால் திணறுவார்கள். அதனால் மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெடுத்து, கடைசியில் சேர்த்துப் பாருங்கள்.

ரேக்கில் 30, 40 வகைப் பொருள்கள் இருக்கலாம். எல்லாவற்றையும் தொடர வேண்டாம். மூன்று முதல் ஐந்து பொருள்களைக் குறிப்பொருள்களாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்று அதிகம் விற்பது, ஒன்று மெதுவாக விற்பது, ஒன்று வாடிக்கையாளர்கள் "எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. இந்தப் பட்டியலைப் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். பார்த்த பிறகு எழுதினால், எது நன்றாக வந்திருக்கிறதோ அதையே மனம் தேர்ந்தெடுக்கும்.

## 2. அளவுகளை டேப் வைத்து எடுங்கள்

படத்தில் உயரம் இல்லை. தரையிலிருந்து 60 செ.மீ.யில் இருக்கும் தட்டும் 130 செ.மீ.யில் இருக்கும் தட்டும் படத்தில் ஒரே அளவு தெளிவாகத் தெரியும். ஆகவே இன்ச் டேப் இல்லாமல் கண்மட்டத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

ஒவ்வொரு தட்டின் மேற்பரப்பும் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள். ரேக்கின் அகலம், தட்டின் ஆழம், குறிப்பொருள்களின் அகலம், உயரம், ஆழம் ஆகியவையும் வேண்டும். தட்டுகளை மாற்றி மாட்டியிருந்தால் பின்படத்துக்கு மறுபடி அளக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: மேலிருந்து மூன்றாம் தட்டு இன்றும் மூன்றாம் தட்டுதான், ஆனால் கொக்கி ஒரு துளை கீழே இறங்கியிருக்கும்.

பிறகு தரையில் நிற்க வேண்டிய இடத்தைக் குறியுங்கள். சாதாரண போன் கேமராவின் முதன்மை லென்ஸை நெடுவாக்கில் பிடித்தால், 1.5 மீட்டர் தூரத்தில் சுமார் 1.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் சட்டத்துக்குள் வரும். ஒரு மீட்டர் அகலமும் 180 செ.மீ. உயரமும் உள்ள ரேக் அதில் வசதியாக அடங்கும். தட்டின் முன்விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அளந்து, ரேக்கின் நடுவுக்கு நேராக, உரித்தால் தடம் விடாத டேப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். கடையின் நடைவழி அந்த அளவுக்கு அகலமில்லை என்றால் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படங்களாக எடுங்கள். அகலக்கோண லென்ஸுக்கு மாறாதீர்கள். அது ஓரத்தில் இருக்கும் பாட்டில்களை இழுத்து அகலமாக்கிவிடும். அப்புறம் இடப்பங்கு அளப்பதெல்லாம் தப்பாகப் போகும்.

## 3. மூன்று வகைப் படங்களும் எடுங்கள்

ஒரே படம் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாது. ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில் எடுங்கள்.

எண்ணும் படம். கேமராவை ரேக்கின் பாதி உயரத்தில் வையுங்கள்; 180 செ.மீ. ரேக் என்றால் 90 செ.மீ.யில். மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடிக்க வேண்டும். பாதி உயரத்தில் வைத்தால்தான் மேல்தட்டும் அடித்தட்டும் ஒரே அளவு சரிவோடு விழும். நின்றபடி கண்ணுக்கு நேராகப் பிடித்து, ரேக் முழுதும் வருவதற்காகக் கீழே சாய்த்தால் ரேக்கின் அடிப்பகுதி குறுகிவிடும். அடித்தட்டுப் பொருள்கள் சிறியதாகத் தெரிந்து, இடம் குறைந்துவிட்டதாக மயக்கம் தரும்.

கேமராவில் கட்டக் கோடுகளை இயக்கி, ரேக்கின் பக்கக் கம்பிகள் அந்தக் கோடுகளுக்கு இணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு கம்பிகளும் சட்டத்துக்குள் வர வேண்டும். பிளாஷ் வேண்டாம். பளபளப்பான பாட்டிலிலும் விலைச்சீட்டின் மேலுள்ள பிளாஸ்டிக்கிலும் வெள்ளைத் திட்டு விழுந்து எழுத்து போய்விடும். பனோரமாவும் கூடாது; படத்துண்டுகளை ஒட்டும்போது ஒரு பாட்டில் காணாமல் போகலாம், இரண்டு முறையும் வரலாம். நீளமான ரேக்காக இருந்தால் பகுதி பகுதியாக எடுத்து, நடுக்கம்பி இரண்டு படத்திலும் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்வைப் படம். வாடிக்கையாளர் நிற்கும் தூரத்தில், அவர் கண் இருக்கும் உயரத்தில் போனைப் பிடித்து எடுப்பது. சுமார் 1.2 மீட்டர் தூரம், 150 முதல் 160 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ரேக் முழுதும் வராது, வரவும் வேண்டாம். நேராக ஒன்று, அடித்தட்டுகளை நோக்கிச் சாய்த்து ஒன்று எடுத்தால் போதும். எண்ணும் படத்தில் லேபிள் பளிச்சென்று தெரியும் பொருள், இதில் மூடி மட்டும் தெரிவதாக இருக்கலாம். கண் 155 செ.மீ.யிலும் பொருள் 30 செ.மீ.யிலும் இருந்தால் பார்வை 46 பாகை கீழே சாய்கிறது. அந்தக் கோணத்தில் லேபிளின் உயரம் பத்தில் ஏழு பங்காகச் சுருங்கித் தெரியும். பொருள் தட்டின் உள்ளே தள்ளிப் போயிருந்தால், மேலுள்ள தட்டின் விளிம்பு அதன் தலைப்பகுதியையும் மறைக்கும்.

ஆழப் படம். ஒவ்வொரு தட்டையும் பக்கவாட்டிலிருந்து சற்று மேலே தூக்கிப் பிடித்து, பின்வரிசை தெரியும்படி எடுப்பது. முன்னால் ஒரு வரிசையை இழுத்து வைத்துவிட்டால் காலியான தட்டும் நிறைந்ததாகத் தோன்றும். கடை மூடும் நேரத்தில் பணியாளர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை இது, தப்பும் இல்லை. ஆனால் எண்ணும் படத்தை மட்டும் நம்பினால் சரக்கு இருப்பு பற்றி ஏமாந்துபோவோம்.

படத்தில் ஆட்கள் விழாமல் பாருங்கள். யாராவது வந்தால் அவர் நகரும்வரை காத்திருங்கள். கடைக்காரரின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

## 4. நேரத்தைப் பொருத்துங்கள்

காலையில் சரக்கு நிரப்பியவுடன் எடுத்த படத்தை, மாலையில் பாதி விற்ற பிறகு எடுத்த படத்தோடு ஒப்பிடக் கூடாது. சொல்லத் தேவையில்லாத விஷயம்போலத் தோன்றும், ஆனால் கைக்கு வரும் படங்களில் இந்தப் பிழைதான் அதிகம். முன்படம் ஏதோ ஒரு நாள் மாலையில் எடுத்ததாக இருக்கும். மாற்றி அடுக்கி முடித்ததும், கை துடைத்த சூட்டோடு பின்படம் எடுத்திருப்பார்கள். அதில் பின்படம் ஜெயிக்காமல் வேறென்ன செய்யும்?

ஒரு நாளில் மூன்று முறை எடுங்கள்: நிரப்பிய அரை மணி நேரத்துக்குள், நடுப்பகலில், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. முன்படங்களும் பின்படங்களும் வாரத்தின் ஒரே கிழமையில் இருக்க வேண்டும். நிரப்பும் நேரம் மாறியிருந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல், நிரப்பி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொருத்துங்கள். ஒரு வாரத்தில் மட்டும் தள்ளுபடி அட்டை தொங்கினால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

மாற்றியவுடனே பின்படம் எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வழக்கமாக வருபவர்கள் பழைய இடத்துக்கே கை நீட்டுவார்கள்; எடுத்ததை வேறிடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். முதல் சில நாட்களின் குழப்பம் புது அடுக்கின் குறையாகத் தெரியும். குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

கோப்புப் பெயரிலேயே எல்லாம் இருக்கட்டும்: ரேக் எண், வார எண், நேரம், பட வகை.

```
R03_W1_0930_ENN.jpg
R03_W3_0930_ENN.jpg
R03_W3_0930_AAZ.jpg
```

போன் தானாக வைக்கும் பெயரோடு விட்டுவிட்டு, பிறகு நினைவை வைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒரே ரேக்கின் ஆறு படங்கள் சேர்ந்தால் எது எந்த வாரம் என்று எடுத்தவருக்கே தெரியாது.

## 5. ஒப்பிடும் முன் படங்களைச் சமன் செய்யுங்கள்

எண்ணும் படங்களை எடிட்டரில் திறந்து, ரேக்கின் நான்கு மூலைகளையும் செவ்வகமாக நிமிர்த்துங்கள். மூலைகளோடு வெட்டி, எல்லாவற்றையும் ஒரே பிக்சல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். நிமிர்த்தும் முன் ஒரு சோதனை: ரேக்கின் மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினால் கேமரா சாய்ந்திருக்கிறது என்று பொருள். அதை எடிட்டரில் சரிசெய்வதைவிட மறுபடி எடுப்பதே நல்லது. நிமிர்த்தும் கருவி ரேக்கின் முன்தளத்தை மட்டுமே நேராக்கும். தட்டின் விளிம்பு மறைத்த பொருளைத் திரும்பக் கொண்டுவராது.

முடிந்தால் வேறொருவரைக் கோப்புப் பெயர்களை மறைத்து எண் மட்டும் போடச் சொல்லுங்கள். ரேக்கை மாற்றி அடுக்கியவரே எண்ணினால், சந்தேகத்துக்குரிய இடங்களிலெல்லாம் பின்படத்துக்குச் சாதகமாகவே எண்ணிக்கை விழும்.

## 6. ஃபேசிங், வெற்றிடம், இடம் மாறிய சரக்கு

முன்னால் நிற்கும் பார்வையாளருக்கு முகம் காட்டும் ஒவ்வொரு பத்தியும் ஒரு ஃபேசிங். பின்னால் ஆறு பாட்டில் நின்றாலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் ஒரு பத்தி ஒன்றுதான். பாதிக்குமேல் மறைந்திருக்கும் பாட்டிலையும், லேபிள் பக்கவாட்டில் திரும்பிய பாட்டிலையும் எண்ண வேண்டாம். தனியாகக் குறித்து வையுங்கள். இந்த விதிகளை எழுதி வைத்துக்கொண்டால் இரண்டு பேர் எண்ணினாலும் ஒரே விடை வரும்.

ஃபேசிங் எண்ணிக்கையோடு நிறுத்தாமல் செ.மீ.யாகவும் மாற்றுங்கள். 5 செ.மீ. அகலமுள்ள பாட்டில் ஆறும் 10 செ.மீ. அகலமுள்ள பாட்டில் மூன்றும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதலாவதற்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்ததாகத் தோன்றும்.

அடுத்தது வெற்றிடம். இங்கே விலைச்சீட்டுதான் துணை. காலியிடத்துக்குக் கீழே ஒரு பொருளின் சீட்டு இருந்தால், அந்தப் பொருள் தீர்ந்திருக்கிறது. சீட்டு இல்லாமல் காலியாக இருந்தால் அது வெறும் தளர்ந்த அடுக்கு. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

இன்னொன்று கண்ணுக்கு எளிதில் படாது. ஒரு பொருள் தீர்ந்ததும் பக்கத்துப் பொருளை நகர்த்தி அந்த இடத்தை மூடிவிடுவார்கள். படத்தில் வெற்றிடமே இருக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி, தட்டுத் தட்டாகப் படத்தைப் பெரிதாக்கி, மேலிருக்கும் பொருளும் கீழிருக்கும் சீட்டும் ஒன்றுதானா என்று இடமிருந்து வலமாகச் சரிபார்ப்பதுதான். பொறுமை வேண்டும், ஐந்து தட்டு உள்ள ரேக்குக்குப் பத்து நிமிடம்வரை பிடிக்கும். ஆனால் "எப்போதும் நிறைந்திருக்கும்" ரேக்குகளின் உண்மை நிலை இந்த ஒரு வேலையில்தான் வெளியே வரும்.

கடைசியாக ஆழப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு குறிப்பொருளுக்கும் பின்வரிசை நிறைவா, பாதியா, ஒற்றை வரிசையா என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். அதைவிட நுணுக்கமாகப் படத்திலிருந்து எண்ண முயல்வது வீண்.

## 7. கண்மட்டத்தை எண்ணாக எழுதுங்கள்

பொருளின் உயரத்தைக் குறிக்கும்போது தட்டின் உயரத்தை எழுதாதீர்கள். தட்டின் உயரத்தோடு பொருளின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். கண் தேடுவது லேபிளின் நடுவைத்தானே தவிர, பாட்டிலின் அடியை அல்ல. 125 செ.மீ. தட்டில் நிற்கும் 18 செ.மீ. பாட்டிலின் நடு உயரம் 134 செ.மீ.

வேலைக்கு இந்தப் பிரிவுகள் போதும்: 80 செ.மீ.க்குக் கீழே குனியும் மட்டம், 80 முதல் 120 வரை கைமட்டம், 120 முதல் 160 வரை கண்மட்டம், அதற்குமேல் எட்டும் மட்டம். எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. கடைக்கு வருபவர்களின் உயரத்தைப் பொறுத்து ஐந்து, பத்து செ.மீ. மாற்றிக்கொள்ளலாம். முன்படத்துக்கும் பின்படத்துக்கும் ஒரே எல்லையைப் பயன்படுத்துவதுதான் முக்கியம்.

கண்மட்டத் தட்டு என்றால் கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். நின்றுகொண்டு இயல்பாகப் பார்க்கும்போது பார்வை கிடைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 15 பாகை சாய்ந்து விழும். 1.2 மீட்டர் தூரத்தில் 15 பாகை என்பது 32 செ.மீ. இறக்கம். கண் 155 செ.மீ.யில் இருந்தால் பார்வை ரேக்கைத் தொடுவது 123 செ.மீ.யில். ஆகவே 155 செ.மீ.யில் இருக்கும் தட்டைவிட, 110, 120 செ.மீ.யில் இருக்கும் தட்டு முதலில் கண்ணில் படும். நடைவழி குறுகலாக இருந்து வாடிக்கையாளர் இன்னும் நெருங்கி நின்றால் இறக்கமும் குறையும், 80 செ.மீ. தூரத்தில் அது 21 செ.மீ. மட்டுமே.

குழந்தைகளே பார்த்துக் கேட்கும் பொருள்களுக்கும், சக்கர நாற்காலியில் வருபவர்கள் வாங்கும் பொருள்களுக்கும் இந்தப் பட்டை கீழே இறங்கும். அவற்றுக்குத் தனிப் பிரிவு வைத்துக்கொள்ளுங்கள்.

## 8. தேடும் சோதனை

எளிதில் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதை ரேக்கை அடுக்கியவரால் சொல்ல முடியாது. அவருக்கு எல்லாமே எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்தக் கடையைத் தெரியாதவர்கள் வேண்டும்: முன்படத்துக்கு எட்டுப் பேர், பின்படத்துக்கு வேறு எட்டுப் பேர். ஒரே ஆளுக்கு இரண்டு படத்தையும் காட்டினால், முதல் படத்தில் பாட்டிலின் நிறத்தைக் கற்றுக்கொண்டு இரண்டாம் படத்தில் வேகமாகக் கண்டுபிடிப்பார். அந்த வேகம் அடுக்கினால் வந்ததில்லை.

நிரப்பியவுடன் எடுத்த, சமன் செய்த எண்ணும் படத்தையே எல்லோருக்கும் ஒரே திரையில், ஒரே அளவில், கை நீட்டும் தூரத்தில் வைத்துக் காட்டுங்கள். போன் திரை போதாது. முதலில் பொருளைச் சொல்லிவிட்டு, பிறகு படத்தைத் திறந்து ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். அவர் பொருளைத் தொட்டுக் காட்டியதும் நிறுத்துங்கள். 30 வினாடியில் காட்டவில்லை என்றால் "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். தப்பான பொருளைத் தொட்டால் எதைத் தொட்டார் என்றும் எழுதுங்கள். நேரத்தைவிட இந்தக் குறிப்பு பல முறை அதிகம் சொல்லும். கேள்வியில் பாட்டிலின் நிறத்தையோ வடிவத்தையோ சொல்லக் கூடாது. பொருள்களைக் கேட்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

எட்டு நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவிலுள்ள இரண்டின் சராசரியை எடுங்கள். எல்லா நேரத்தையும் கூட்டி எட்டால் வகுத்தால், தடுமாறிய ஒருவர் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடுவார். கிடைக்காதவர்களை வரிசையின் கடைசியில் வைத்து, அவர்கள் எத்தனை பேர் என்பதைத் தனியாகவும் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் புரிந்துகொள்ள வேண்டும். 180 செ.மீ. ரேக் 1.2 மீட்டர் தூரத்தில் கண்ணெதிரே விரிந்து நிற்கிறது. தலையை ஏற்றி இறக்கித்தான் முழுதும் பார்க்க முடியும். அதே ரேக் 30 செ.மீ. உயரப் படமாகத் திரையில் வந்தால் ஒரு பார்வையில் அடங்கிவிடும். அடித்தட்டுக்குக் கண்மட்டத்துக்கு நிகரான சலுகை கிடைத்துவிடுகிறது. எனவே இந்த நேரங்கள் நிறம், கூட்டம், குழுவாக்கம் ஆகியவற்றின் விளைவை மட்டுமே காட்டும். உயரத்தின் விளைவை ஏழாம் படியின் எண்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டையும் குழப்பி, "அடித்தட்டில் வைத்தும் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், ஆக உயரம் முக்கியமில்லை" என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கிறது.

## 9. ஒரு ரேக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

விளங்குவதற்காக ஒரு கற்பனை ரேக். ஷாம்பூ அடுக்கியது, அகலம் 100 செ.மீ., ஐந்து தட்டு. தரையிலிருந்து தட்டுகளின் உயரம் 20, 55, 90, 125, 160 செ.மீ. குறிப்பொருள்களில் இரண்டை மட்டும் பார்ப்போம்: பொடுகு ஷாம்பூ, குழந்தை ஷாம்பூ. இரண்டும் 7 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம், ஒரு பத்தியில் ஆறு பாட்டில் நிற்கும்.

முன்படத்தில் பொடுகு ஷாம்பூ 55 செ.மீ. தட்டில் ஆறு ஃபேசிங். நடு உயரம் 64 செ.மீ., குனியும் மட்டம். தட்டில் 42 செ.மீ. அதனுடையது, 36 பாட்டில் கொள்ளும். பின்படத்தில் அதை 125 செ.மீ. தட்டுக்கு ஏற்றியிருக்கிறார்கள்: நடு உயரம் 134, கண்மட்டம். ஆனால் நான்கு ஃபேசிங்தான் கிடைத்தது: 28 செ.மீ., 24 பாட்டில். குழந்தை ஷாம்பூ 125 செ.மீ. தட்டிலிருந்து 90க்கு இறங்கியது. நடு உயரம் 99, கைமட்டம். மூன்று ஃபேசிங் அப்படியே இருக்கிறது.

காலைப் படங்களை மட்டும் பார்த்தால் பின்படத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. மாலைப் படம் வேறு கதை சொல்கிறது. முன்வாரத்தில் மாலையிலும் ஆறு ஃபேசிங்கும் நிற்கின்றன; ஆழம் "பாதி". பின்வாரத்தில் எண்ணும் படத்தில் வெற்றிடம் இல்லை, ஆனால் சீட்டைச் சரிபார்த்தால் பொடுகு ஷாம்பூவின் நான்கு இடங்களில் இரண்டில் பக்கத்து கண்டிஷனர் நிற்கிறது. மீதி இரண்டிலும் ஆழம் "ஒற்றை வரிசை". அதாவது 24 பாட்டிலில் இரண்டுதான் மிச்சம். நல்ல உயரத்துக்கு ஏற்றிய பொருளுக்கு அந்த உயரத்தில் விற்கும் அளவுக்கு இடம் தரவில்லை.

தேடும் நேரம், வினாடியில்:

பொடுகு ஷாம்பூ, முன்: 4, 5, 6, 7, 9, 12, 21, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. நடுமதிப்பு 8.
பொடுகு ஷாம்பூ, பின்: 2, 3, 3, 4, 4, 5, 6, 11. நடுமதிப்பு 4.
குழந்தை ஷாம்பூ, முன்: 3, 4, 4, 5, 6, 6, 8, 9. நடுமதிப்பு 5.5.
குழந்தை ஷாம்பூ, பின்: 5, 7, 8, 10, 12, 15, இருவருக்குக் கிடைக்கவில்லை. நடுமதிப்பு 11.

பொடுகு ஷாம்பூ தேடும் நேரம் பாதியானது. குழந்தை ஷாம்பூவுடையது இரட்டித்தது. உடனே "தட்டு இறங்கியதால்" என்று சொல்லத் தோன்றும். ஆனால் திரையில் உயரத்துக்கு வேலை இல்லை என்று எட்டாம் படியில் பார்த்தோம். தப்பாகத் தொட்டவர்களின் குறிப்பை எடுத்தால் காரணம் தெரிகிறது: எட்டில் ஐந்து பேர் முதலில் தொட்டது பக்கத்திலிருந்த மஞ்சள் பாட்டில் ஹேர் ஆயிலை. குழந்தை ஷாம்பூவும் மஞ்சள். முன்படத்தில் அதன் இருபுறமும் நீலமும் வெள்ளையும் நின்றதால் தனியாகத் தெரிந்தது. புது இடத்தில் மஞ்சளோடு மஞ்சளாகக் கரைந்துவிட்டது.

இப்போது தீர்ப்பை மூன்று வரியில் தனித்தனியாக எழுதலாம். உயரம்: பொடுகு ஷாம்பூவுக்கு முன்னேற்றம், குழந்தை ஷாம்பூவுக்குப் பெரிய இழப்பில்லை. இருப்பு: பொடுகு ஷாம்பூவுக்குப் பின்னடைவு. தேடல்: ஒன்றுக்கு லாபம், ஒன்றுக்கு நட்டம். "புது அடுக்கு நல்லதா?" என்ற ஒற்றைக் கேள்விக்கு இதில் பதில் இல்லை. ஆனால் அடுத்து எதைத் தொட வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

## 10. திருத்தும்போது ஒவ்வொன்றாக

இந்த ரேக்கில் இரண்டு திருத்தம் வேண்டும். பொடுகு ஷாம்பூவுக்குக் கண்மட்டத் தட்டில் இன்னும் இரண்டு ஃபேசிங் தேவை. அதற்கு 14 செ.மீ. இடத்தை அதே தட்டில் மாலையிலும் "நிறைவு" என்று ஆழம் காட்டும் மெதுவான பொருளிலிருந்து எடுக்கலாம். குழந்தை ஷாம்பூவுக்கும் ஹேர் ஆயிலுக்கும் நடுவே வேறு நிறப் பாட்டில் ஒரு பத்தி வர வேண்டும்.

இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு தட்டில், வெவ்வேறு அளவீட்டில் தெரியும். ஒன்றை மாலைப் படமும் மற்றொன்றைத் தேடும் சோதனையும் காட்டிக்கொடுக்கும். ஒரே பொருளின் உயரத்தையும் ஃபேசிங்கையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கல்: விற்பனை கூடினால் எதனால் கூடியது என்று பிரிக்க முடியாது. மேலே சொன்ன ரேக்கில் முதலில் நடந்தது அதுதான்.

விற்பனைக் கணக்கு இருந்தால் அதே நாட்களுக்கு எடுத்துப் படங்களோடு வைத்துப் பாருங்கள். விற்பனை குறைந்து, மாலைப் படத்தில் இடமும் காலியாக இருந்தால், குறை நிரப்புவதில் இருக்கிறது. விற்பனை குறைந்து ஆழம் "நிறைவு" என்றே நின்றால், பொருள் கண்ணில் படவில்லை அல்லது படத்தில் தெரியாத வேறு காரணம்: விலை, பருவம், பக்கத்துக் கடை.

இரண்டு வெவ்வேறு கடைகளின் ரேக்குகளை ஒப்பிடுவதாக இருந்தால் படிகள் இவையே, ஒரு மாற்றத்தோடு. ரேக்குகளின் அகலம் வேறாக இருக்கும். ஆகவே ஃபேசிங்கை எண்ணாகவோ செ.மீ.யாகவோ ஒப்பிடாமல், தட்டின் மொத்த அகலத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள். 100 செ.மீ. தட்டில் 28 செ.மீ. என்பது 28 சதவீதம், 120 செ.மீ. தட்டில் அதே நான்கு பாட்டில் 23 சதவீதம்தான். உயரத்துக்கு இந்த மாற்றம் வேண்டாம். ரேக் எத்தனை உயரமாக இருந்தாலும் வாங்க வருபவரின் கண் இருக்கும் இடம் மாறுவதில்லை, அதனால் தரையிலிருந்து அளந்த செ.மீ.யையே இரண்டு கடைக்கும் எழுதுங்கள்.